'பதவி ஆன் ஹோல்ட்' என்றார்கள்: ஏஜென்சியிடம் அடுத்து என்ன கேட்க வேண்டும்?

ஷா ஆலமில் உள்ள ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் கடந்த மே மாதம் நேர்காணலுக்குச் சென்ற 26 வயதுப் பெண் ஒருவருக்கு, முக்கால் மணி நேரம் எல்லாமே நல்லபடியாகத்தான் நடந்தது. கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்து, இப்போது கிள்ளானில் கணக்கு உதவியாளராக வேலை செய்பவர் அவர். எதிரே மூவர் இருந்தனர்: நிதி மேலாளர், மனிதவள அதிகாரி, செயல்பாட்டுப் பிரிவிலிருந்து ஒருவர். மாத இறுதிக் கணக்கை எத்தனை நாளில் முடிப்பீர்கள், எந்த மென்பொருள் தெரியும், எப்போது வேலைக்கு வர முடியும் என்று வழக்கமான கேள்விகள் வந்தன. அவரும் தடுமாறாமல் பதில் சொன்னார்.

எழுந்திருக்கும் நேரத்தில் நிதி மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒரு விஷயம் சொல்லிடுறேன். இந்தப் பதவி இப்போ ஆன் ஹோல்ட். ஏஜென்சி உங்களுக்குத் தெரியப்படுத்தும்" என்றார். மனிதவள அதிகாரி மேசையிலிருந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினார். அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். கார் நிறுத்துமிடத்துக்கு வந்த பிறகுதான், என்ன 'ஹோல்ட்', எதுவரை 'ஹோல்ட்' என்று கேட்காமல் வந்துவிட்டோமே என்று அவருக்கு உறைத்தது.

வேலை தேடும் நம் பிள்ளைகள் பலர் இந்த இடத்தில் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். வேலை போய்விட்டது என்று முடிவுகட்டி ஏஜென்சியைக் கூப்பிடாமலே விட்டுவிடுகிறார்கள். அல்லது வேலை உறுதி, கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான் என்று நம்பி மற்ற விண்ணப்பங்களை நிறுத்திவிடுகிறார்கள். இரண்டுமே அந்தச் சொல்லைத் தவறாகப் புரிந்துகொள்வதால் வருபவை.

ஒரு நிறுவனத்தில் ஆளை எடுப்பதற்கு முன்னால் அந்த இடத்துக்கே ஓர் அனுமதி வேண்டும். இந்தப் பிரிவில் இத்தனை பேர், இந்தப் பதவிக்கு இவ்வளவு சம்பளம் என்று ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கியிருப்பார்கள். ஒருவர் விலகிப்போனால்கூட, அவர் இடத்தில் இன்னொருவரை எடுக்க மேலிடத்தின் கையெழுத்து மறுபடியும் தேவைப்படும் நிறுவனங்கள் நிறைய. 'ஆன் ஹோல்ட்' என்பது பெரும்பாலும் அந்தக் கையெழுத்து நிற்பதைக் குறிக்கிறது. வாடிக்கையாளர் ஒருவரின் ஒப்பந்தம் கைவிட்டுப் போயிருக்கலாம். நிதியாண்டு முடியும் வரை புதுச் செலவு வேண்டாம் என்று தலைமையகம் சொல்லியிருக்கலாம். இரண்டு பிரிவுகளை ஒன்றாக்கும் பேச்சு நடக்கலாம். அந்த வேலையை ஏற்கெனவே உள்ள ஓர் ஊழியருக்கே கொடுத்துவிடலாமா என்று யாராவது கேட்டிருக்கலாம்.

அப்படியென்றால் ஏன் நேர்காணலுக்குக் கூப்பிட வேண்டும் என்ற கோபம் நியாயமானது. நேர்காணலுக்கு நாள் குறித்த பிறகு அனுமதி நிற்பது சாதாரணமாக நடக்கிறது. சில மேலாளர்கள், அனுமதி திரும்பக் கிடைத்ததும் ஆள் தயாராக இருக்கட்டும் என்று நேர்காணலை ரத்து செய்யாமல் நடத்திவிடுகிறார்கள். விண்ணப்பித்தவரின் பெட்ரோல் காசும் அரைநாள் விடுப்பும் அவர்கள் கணக்கில் வருவதில்லை.

இன்னொரு சாத்தியமும் உண்டு; அதை மறைப்பதற்கில்லை. முதலிடத்தில் வேறொருவர் இருக்கிறார், அவரோடு சம்பளப் பேச்சு நடக்கிறது, அவர் மறுத்தால் அடுத்தவரைக் கூப்பிடலாம் என்ற நிலையிலும் 'ஹோல்ட்' என்ற சொல் போர்வையாகப் பயன்படுகிறது. வெளியில் இருப்பவருக்கு இந்த இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அதைப் பிரித்துப் பார்க்கத்தான் ஏஜென்சியிடம் கேட்பது.

ஏஜென்சிக்கு இது தெரியுமா?

அந்தப் பெண் அன்று மாலையே ஏஜென்சி அதிகாரியை அழைத்தார். அதே பெண்மணிதான் இரண்டு வாரத்துக்கு முன்பு, "கிட்டத்தட்ட உறுதி மாதிரிதான், அவங்களுக்கு அவசரமா ஆள் வேணும்" என்று சொன்னவர். இவர் கேட்டது ஒரே கேள்வி: "எனக்கு வேலை கிடைக்குமா கிடைக்காதா?" வந்த பதில்: "நல்லா செஞ்சிருக்கீங்கன்னுதான் நினைக்கிறேன். கொஞ்சம் பொறுங்க. அவங்க சொன்னதும் சொல்றேன்." இரண்டு நிமிடத்தில் அழைப்பு முடிந்தது. கையில் புதிதாக ஒன்றும் இல்லை.

அந்தப் பதிலில் ஏமாற்று எதுவும் இல்லை. பல நேரங்களில் பதவி நிறுத்தி வைக்கப்பட்ட செய்தி ஏஜென்சிக்கே தெரிந்திருக்காது. நேர்காணல் குழு விண்ணப்பதாரரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடும். நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு ஏஜென்சிக்கு மின்னஞ்சல் அனுப்ப மூன்று நான்கு நாள் ஆகும். அந்த மாலையில் அதிகம் தெரிந்தவர் விண்ணப்பதாரர்தான். ஆகவே முதலில் அவர்தான் சொல்ல வேண்டும், பிறகுதான் கேட்க வேண்டும்.

ஏஜென்சியின் பிழைப்பு எப்படி நடக்கிறது என்பதும் இங்கே தெரிந்திருப்பது நல்லது. அலுவலக வேலைகளுக்கு ஆள் தேடும் ஏஜென்சிக்குப் பொதுவாகக் கட்டணம் கொடுப்பது நிறுவனம். ஆள் வேலையில் சேர்ந்த பிறகுதான் அந்தக் கட்டணம் கைக்கு வரும்; சேர்ந்தவர் முதல் சில மாதங்களுக்குள் விலகினால் வேறு ஆளைத் தேடிக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வழக்கமாக இருக்கும். அதனால் நேர்காணல் வரை போன ஒரு விண்ணப்பதாரரைக் கைவிட ஏஜென்சிக்கும் மனமிருக்காது. ஆனால் அதே அதிகாரியின் மேசையில் இன்னும் பத்துப் பதினைந்து காலியிடங்கள் இருக்கும். நின்றுபோன ஒன்றைவிட ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றில்தான் அவர் கவனம் போகும். அவர் எளிதாக எடுத்துக்கொண்டு போய் நிறுவனத்திடம் கேட்கும் வகையில் கேள்விகளைக் கொடுத்தால்தான் பதில் வரும். "கிடைக்குமா" என்ற கேள்வியை அவர் யாரிடமும் கொண்டுபோக முடியாது.

நிறுவனத்தின் சொந்த மனிதவள அதிகாரியே ஆள் எடுப்பவராக இருந்தால் நிலைமை கொஞ்சம் மாறும். அவருக்கு உள்விவரம் தெரியும். ஆனால் எல்லாவற்றையும் வெளியே சொல்ல அவருக்கு அனுமதி இருக்காது. அவரிடம் காரணத்தைத் துருவுவதைவிட, காலத்தைப் பற்றிக் கேட்டால் பதில் கிடைக்கும்.

மறுநாள் போன மின்னஞ்சல்

அந்தப் பெண்ணுக்கு உதவியவர் பெட்டாலிங் ஜெயாவில் மனிதவளப் பிரிவில் வேலை செய்யும் அவருடைய உறவுக்கார அக்கா. "வாட்ஸ்அப்ல புலம்பாத. ஈமெயில் அனுப்பு. அவங்க அப்படியே கம்பெனிக்கு பார்வர்ட் பண்ற மாதிரி எழுது" என்றார் அக்கா. மறுநாள் காலை ஆங்கிலத்தில் போன அந்த மின்னஞ்சலின் சாரம் இதுதான்:

"நேற்று 10 மணி நேர்காணல் சுமார் 45 நிமிடம் நடந்தது. முடிவில் நிதி மேலாளர், பதவி இப்போது ஆன் ஹோல்ட் என்றும் ஏஜென்சி எனக்குத் தெரியப்படுத்தும் என்றும் சொன்னார். காரணமோ காலமோ சொல்லவில்லை. இந்த வேலையில் எனக்கு இன்னும் ஆர்வம் உண்டு. உங்களால் விசாரிக்க முடிந்தால் நான்கு விவரங்கள் எனக்கு உதவும். நிறுத்தி வைக்கப்பட்டது பதவிக்கான அனுமதியா, அல்லது ஆள் தேர்வு மட்டுமா? அதைத் திரும்பத் திறக்கும் முடிவு யாருடையது, எப்போது பரிசீலனைக்கு வரும்? திறந்தால் நேற்றைய நேர்காணல் செல்லுமா, மறுபடியும் முதலிலிருந்தா? நான் உங்களை மறுபடி தொடர்புகொள்ளச் சரியான தேதி எது? இதற்கிடையில் வேறு விண்ணப்பங்களையும் தொடர்கிறேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்."

முதல் பகுதியில் யார், எந்தச் சொல்லில் சொன்னார் என்பது இருக்கிறது. இது சின்ன விஷயமல்ல. "ஆன் ஹோல்ட்" என்று நிதி மேலாளர் சொல்வதற்கும், "இன்னும் சிலரைப் பார்க்கிறோம்" என்று மனிதவள அதிகாரி சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. நிதி மேலாளர் வாயிலிருந்து வந்தால் அதற்குப் பின்னால் பணமோ அனுமதியோ இருக்க வாய்ப்பு அதிகம். "மறு ஆய்வு செய்கிறோம்" என்றால் வேலையின் பொறுப்புகளே மாறக்கூடும். நேர்காணல் முடிந்த அன்றே, ஞாபகம் இருக்கும்போதே, கேட்ட சொல்லைக் கேட்டபடி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு நாள் கழித்து நம் ஆசையோ பயமோ அந்தச் சொல்லை மாற்றிவிடும்.

நான்கு கேள்விகளில் கனமானது இரண்டாவது. முடிவு யாருடையது என்று தெரிந்தால் காலமும் தானாகத் தெரியும். கிளை மேலாளரின் முடிவு என்றால் இரண்டு வாரத்தில் மாறலாம். தலைமையகத்தின் முடிவு என்றால் அடுத்த காலாண்டுவரை அசையாது. வெளிநாட்டுத் தாய் நிறுவனத்தின் முடிவு என்றால் இங்கே இருப்பவர்களுக்கே தேதி தெரியாது. மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில், நேர்காணல் எப்படிப் போனது என்பது மறைமுகமாகத் தெரிந்துவிடும். "மறுபடி நேர்காணல் வேண்டாம், இவரை வைத்துக்கொள்கிறோம்" என்றால் குழுவுக்குப் பிடித்திருக்கிறது. "திறந்தால் புதிதாக விளம்பரம் செய்வோம்" என்றால் அந்தக் கதவு ஏறக்குறைய மூடிவிட்டது.

கடைசி வரியை எழுத அந்தப் பெண் தயங்கினார். வேறு விண்ணப்பம் போடுகிறேன் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்களோ என்ற பயம். அக்கா விடவில்லை. அது ஏஜென்சிக்குக் கிடைக்கும் பயனுள்ள தகவல். இந்த ஆள் கையை விட்டுப் போகலாம் என்று நிறுவனத்திடம் சொல்ல அவர்களுக்கு ஒரு காரணம் கிடைக்கிறது.

வந்த பதிலைப் படிக்கும் விதம்

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. நிறுவனத்தின் நிதியாண்டு ஜூன் 30-இல் முடிகிறது; அதுவரை புதிய ஆள் எடுக்க வேண்டாம் என்று தலைமையகம் சொல்லிவிட்டது; ஜூலை நடுவில் புதிய ஒதுக்கீடு தெரியும்; குழு இரண்டு பேரைத் தேர்ந்து வைத்திருக்கிறது, அதில் இவர் ஒருவர்; மறுபடி நேர்காணல் இருக்காது என்று நினைக்கிறார்கள்.

இதுபோன்ற பதிலில் தேதி இருக்கிறது, காரணம் இருக்கிறது, முடிவெடுப்பவர் இருக்கிறார். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. இதை நம்பலாம். நம்பலாம் என்றால், 'ஹோல்ட்' உண்மை என்று நம்பலாம்; வேலை உறுதி என்று அல்ல. ஒதுக்கீடு வராமலே போகலாம், இருவரில் மற்றவருக்குப் போகலாம்.

பதில் வேறு மாதிரியும் வரும். "இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்" என்று மூன்று முறை ஒரே வாசகம் வந்தால், ஏஜென்சிக்கும் பதில் கிடைக்கவில்லை என்று பொருள். இந்தப் பதவியைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் வேறொரு காலியிடத்தைக் காட்டினால், ஏஜென்சி இதைக் கைகழுவிவிட்டது. பதவி நிற்கிறது என்று சொல்லிவிட்டு, அதே வேலைக்கான விளம்பரம் இரண்டு மூன்று வாரத்தில் புதுத் தேதியோடு வந்தால், நிறுத்தப்பட்டது பதவியல்ல. பழைய விளம்பரம் எடுக்கப்படாமல் அப்படியே கிடப்பது வேறு. அதை எடுக்க யாருக்கும் ஞாபகம் இருக்காது, அதை வைத்து ஒன்றும் முடிவுகட்ட முடியாது. மாறாக, நிறுத்தி வைத்த பிறகும் மூன்று மாதச் சம்பளச் சீட்டு, இபிஎஃப் அறிக்கை, இப்போதைய வேலையில் கொடுக்க வேண்டிய நோட்டீஸ் காலம் என்று கேட்டு வந்தால், உள்ளே யாரோ அந்தக் கோப்பை நகர்த்துகிறார்கள்.

ஆனால் பதவியைப் 'பிடித்து வைக்க' முன்பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். மலேசியாவில் ஏஜென்சிகள் 1981-ஆம் ஆண்டின் தனியார் வேலை வாய்ப்பு ஏஜென்சிகள் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றிருக்க வேண்டும். வேலை தேடுபவரிடம் என்ன வாங்கலாம் என்பதற்கும் அந்தச் சட்டத்தின் கீழ் வரம்பு உண்டு. நின்றுபோன பதவிக்காகப் பணம் கேட்பவர் ஏஜென்சியே அல்ல என்று எடுத்துக்கொள்வது நல்லது. சந்தேகம் இருந்தால் ஆள்பலத் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

பொறுமை இழப்பவர்கள் செய்யும் ஒரு தவறு, ஏஜென்சியைத் தாண்டி நிறுவனத்துக்கே நேரடியாக விண்ணப்பிப்பது. அல்லது இன்னொரு ஏஜென்சி மூலம் அதே பதவிக்குப் பெயர் கொடுப்பது. ஓர் ஏஜென்சி ஒருவரின் பெயரைக் கொடுத்துவிட்டால், குறிப்பிட்ட மாதங்களுக்கு அவரை எடுத்தால் கட்டணம் அந்த ஏஜென்சிக்கே என்று நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருக்கும். ஒரே பெயர் இரண்டு வழியில் வந்தால் கட்டணம் யாருக்கு என்ற தகராறு வரும். அந்தத் தகராறே வேண்டாம் என்று நிறுவனம் பெயரையே எடுத்துவிடும். குழுவில் இருந்தவர்களுக்கு நன்றி சொல்லி ஒரு வரி அனுப்புவதில் தவறில்லை. அதில் பதவியைப் பற்றி விசாரிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

வீட்டில் நடந்தது

இந்தக் கதையில் உண்மையான ஆபத்து ஏஜென்சியிடமிருந்து வரவில்லை. நேர்காணலுக்கு முன்பே, "கிட்டத்தட்ட உறுதி" என்ற சொல்லைக் கேட்டு, அந்தப் பெண் ராஜினாமாக் கடிதத்தை எழுதி வைத்திருந்தார். இப்போது வாங்குவது 2,600 ரிங்கிட். ஷா ஆலமில் பேசியது 3,400. வீட்டில் தம்பி கல்லூரியில் படிக்கிறான். அண்ணன், "ரெண்டு பேர்ல ஒருத்தர்னு சொல்லிட்டாங்கல்ல, அப்புறம் என்ன? ஒரு மாச நோட்டீஸ் எப்படியும் ஓடணும். இப்பவே லெட்டர குடுத்துட்டா ஜூலைக்கு ரெடியா இருக்கலாம்" என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

முப்பது ஆண்டுக்கு மேல் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற அப்பா ஒரே கேள்வி கேட்டார். "கையில கடுதாசி வந்துச்சாம்மா?"

வரவில்லை. வேலைக்கான கடிதம் வந்து, அதில் சம்பளமும் சேரும் தேதியும் இருந்து, இரு பக்கமும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பழைய வேலைக்கு நோட்டீஸ். நிறுத்தி வைக்கப்பட்ட பதவிக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். ஏனென்றால் தானாக ராஜினாமா செய்தவருக்கு, பெர்கேசோ நடத்தும் வேலை காப்புறுதித் திட்டத்தின் உதவி கிடைக்காது. 2018-இல் தொடங்கிய அந்தத் திட்டம் வேலை பறிபோனவர்களுக்கானது. ராஜினாமா செய்த பிறகு புதிய பதவி வராமல் போனால், மாதம் 2,600 ரிங்கிட் நின்றுபோகும், கைகொடுக்க அந்தத் திட்டமும் இருக்காது.

நோட்டீஸ் காலத்தைப் பற்றியும் பலருக்குக் குழப்பம் உண்டு. வேலை ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதே செல்லும். அதில் ஒன்றும் எழுதவில்லை என்றால் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 4 வாரம், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம். இந்தப் பெண்ணின் ஒப்பந்தத்தில் ஒரு மாதம் என்று இருந்தது. ஏஜென்சியிடம் தன் நோட்டீஸ் காலத்தைச் சரியாகச் சொல்லி வைப்பது முக்கியம். நிறுத்தி வைத்த பதவி திறக்கும்போது "உடனே வர முடியுமா" என்ற கேள்விதான் முதலில் வரும்; அந்த நேரத்தில் தெரியாமல் "முடியும்" என்று சொல்லிவிட்டால், பழைய நிறுவனத்துக்கு நோட்டீஸுக்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

கடிதம் அலமாரிக்குள் போனது.

இரண்டாவது வாய்ப்பு வந்தபோது

ஜூன் நடுவில் கிள்ளானிலேயே வேறொரு நிறுவனம் நிரந்தர வேலை கொடுத்தது. சம்பளம் 3,000 ரிங்கிட். ஐந்து வேலை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். ஷா ஆலம் ஜூலை நடுவில்தான் தெரியும் என்று ஏற்கெனவே எழுத்தில் இருந்தது.

பலர் இந்த இடத்தில் ஏஜென்சியிடம் ஒன்றும் சொல்லாமல் காத்திருப்பார்கள், அல்லது இல்லாத சம்பளத்தைச் சொல்லி நெருக்குவார்கள். அந்தப் பெண் உண்மையை அப்படியே எழுதினார். எழுத்து மூலம் ஒரு வேலை வந்திருக்கிறது. வரும் புதன்கிழமை மாலை 5 மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். ஷா ஆலம் வேலையில் அதிக விருப்பம் இருக்கிறது. புதன்கிழமைக்குள் அங்கே ஏதாவது மாறக்கூடுமா, மாறாது என்றாலும் சொல்லுங்கள். எந்த நிறுவனம் என்றும் எவ்வளவு சம்பளம் என்றும் எழுதவில்லை. ஏஜென்சி கேட்டால் சம்பளத்தைச் சொல்லலாம், நிறுவனத்தின் பெயரைச் சொல்ல வேண்டிய கடமை இல்லை.

இப்படி எழுதும்போது ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். நின்றது பணம் என்றால், போட்டி வாய்ப்பு அதைத் திறக்காது. கிளையில் உள்ள மேலாளருக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும், தலைமையகம் பூட்டியதை அவரால் திறக்க முடியாது. நின்றது முடிவு என்றால், அதாவது இருவரில் யார் என்று தயங்கிக்கொண்டிருந்தால், புதன்கிழமை என்ற கெடு வேலை செய்யும். எந்த வகை 'ஹோல்ட்' என்று முன்பே கேட்டு வைத்ததன் பயன் இங்கேதான் தெரிகிறது.

செவ்வாய்க்கிழமை ஏஜென்சி அதிகாரி தொலைபேசியில் அழைத்தார். நிதி மேலாளரிடம் பேசிவிட்டதாகவும், ஜூலைக்கு முன் எதுவும் செய்ய முடியாது என்று அவர் வருத்தத்தோடு சொன்னதாகவும் தெரிவித்தார். "உங்க இடத்துல நான் இருந்தா அந்த வேலைய எடுத்துக்குவேன்" என்றும் சொன்னார். கட்டணம் கைநழுவும் நேரத்தில் ஓர் ஏஜென்சி அதிகாரி இப்படிச் சொல்வது அடிக்கடி நடப்பதல்ல. தெளிவாகக் கேட்டவரிடம் தெளிவாகப் பேசுவது அவருக்கும் எளிதாக இருந்திருக்கும்.

புதன்கிழமை அந்தப் பெண் கிள்ளான் வேலைக்குக் கையெழுத்துப் போட்டார். அலமாரியிலிருந்த கடிதத்தில் தேதியை மாற்றி, ஜூன் கடைசியில் பழைய முதலாளியிடம் கொடுத்தார். ஏஜென்சிக்கும் ஒரு வரி எழுதினார்: வேலையை ஏற்றுக்கொண்டேன், உங்கள் உதவிக்கு நன்றி, பதவி திறந்தால் எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஜூலை நான்காவது வாரம் ஏஜென்சியிடமிருந்து மறுபடி அழைப்பு வந்தது. ஷா ஆலம் பதவி திறந்துவிட்டது. சம்பளம் அதே 3,400. நேர்காணல் இல்லை, நேரடியாகக் கடிதம். ஒன்று மட்டும் மாறியிருந்தது: நிரந்தரப் பதவிக்கு அனுமதி கிடைக்கவில்லை, 12 மாத ஒப்பந்தம்தான்.

நிறுத்தி வைத்துத் திறக்கும் பதவிகளில் இது நடப்பதுண்டு. திறந்தது பழைய பதவிதானா என்று மறுபடி கேட்க வேண்டும். சம்பளம், ஒப்பந்தக் காலம், யாருக்குக் கீழே வேலை, எந்த இடத்தில் வேலை என எதுவும் மாறியிருக்கலாம். அந்தப் பெண் கேட்டது: ஓராண்டு முடிந்ததும் என்ன? "நல்லா செஞ்சா நிரந்தரமாக்குவாங்க" என்றார் அதிகாரி. அது கடிதத்தில் இருக்குமா என்று கேட்டதற்கு, இருக்காது என்றார். குறிப்பிட்ட கால ஒப்பந்தம் முடிந்து வேலை போனால், அதற்கும் வேலை காப்புறுதித் திட்டத்தின் உதவி கிடையாது என்பது அவருக்கு இதற்குள் தெரிந்திருந்தது. மாதம் 400 ரிங்கிட் கூடுதல் என்று அண்ணன் கணக்குப் போட்டுக் காட்டினார். அவர் நன்றி சொல்லி மறுத்துவிட்டு, ஆகஸ்ட் 1-இல் கிள்ளானில் வேலைக்குச் சேர்ந்தார்.

மறுக்கும்போதே, வேலையில்லாமல் இருந்த கல்லூரித் தோழி ஒருவரின் பெயரை அந்த அதிகாரியிடம் கொடுத்திருந்தார். இரண்டு நாள் கழித்துத் தோழிக்கு ஏஜென்சியிலிருந்து அழைப்பு வந்தது. பேச்சின் நடுவே தோழி கேட்ட முதல் கேள்வி, அந்த ஒப்பந்தப் பதவிக்குத் தலைமையகம் கையெழுத்துப் போட்டாகிவிட்டதா என்பது. போட்டாகிவிட்டது என்று தேதியோடு பதில் வந்தது.